பதினொரு நாள் கணக்கு: பள்ளி ஆண்டு அட்டவணைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுவினருக்கு,

வணக்கம். புதிய பள்ளி டைரி அச்சுக்குப் போகப்போகிறது என்று கேள்விப்பட்டேன். போவதற்குள் இதைப் படித்துவிடுங்கள்.

பிப்ரவரி 24 அன்று நடந்த விளையாட்டு விழாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் 800 மீட்டர் ஓடினாள். அன்று ஆறாவது நோன்பு. விடியற்காலை 5 மணிவாக்கில் ஸஹர் சாப்பிட்டு எழுந்தவள், மூன்றரை மணி வெயிலில் ஓட்டம் முடிந்ததும் தடத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ஓர் ஆசிரியை பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தார், இவளும் குடித்துவிட்டாள். அந்த ஆசிரியை மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்து அவள் அழுதது தோற்றதற்காக அல்ல, நோன்பு திறக்க இரண்டரை மணி நேரமே இருக்கும்போது அது முறிந்துபோனதே என்றுதான்.

மறுநாள் நான் கேட்டபோது உங்களில் ஒருவர் சொன்ன பதில்: "உங்க பண்டிகை வருஷா வருஷம் தேதி மாறுதே, நாங்க எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?"

மாறுவது உண்மைதான். ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு மாறுவதில்லை. அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்குச் சராசரியாக இருபத்தொன்பதரை நாளும் கொஞ்சமும் ஆகிறது, அதாவது 29.53 நாள். பன்னிரண்டால் பெருக்கினால் 354 நாளும் சில மணி நேரமும். சூரியனை வைத்துக் கணக்கிடும் வருடத்துக்கு 365 நாளும் கால் நாளும். விழும் துண்டு கிட்டத்தட்ட 11 நாள். அதனால் ரமளான் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் வருகிறது. நம் ஊரில் முதல் நோன்பு 2024இல் மார்ச் 12, 2025இல் மார்ச் 2, இந்த வருடம் பிப்ரவரி 19. கழித்துப் பாருங்கள், கணக்கு சரியாக வரும்.

தீபாவளியும் மாறத்தானே செய்கிறது? 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. அதே 11 நாள். அப்படியே விட்டால் இந்த வருடம் அக்டோபர் 9 வாக்கில் வந்திருக்க வேண்டும். ஆனால் அது புரட்டாசி. நம் தீபாவளிக்கு நாளைச் சொல்வது நிலா, மாதத்தைச் சொல்வது சூரியன். ஐப்பசிக்குள் விழும் தேய்பிறைதான் வேண்டும் என்பதால் அடுத்ததற்குத் தாவி நவம்பர் 8க்குப் போய்விட்டது. வடக்கே இதற்காகவே அதிக மாதம் என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஹிஜ்ரி ஆண்டில் அப்படிச் சேர்க்கக் கூடாது. பழைய அரபிகளிடம் இருந்த மாதத்தைத் தள்ளிப்போடும் வழக்கத்தைக் குர்ஆன் (9:37) தடுத்துவிட்டது. எனவே ரமளானை இழுத்து நிறுத்த ஆளில்லை. அது கோடை, மழை, பனி எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு ஏறக்குறைய 33 வருடத்தில் பழைய இடத்துக்கே வரும்.

இவ்வளவு தாவுகிற தீபாவளியை நம் டைரி ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. அதனிடம் யாரும் "உனக்கு நிலையான தேதி கிடையாதா?" என்று கேட்டதுமில்லை. ரமளானுக்கு மட்டும் போன வருட டைரியைப் பார்த்து எழுதினால் போதும் போலிருக்கிறது! 2018இல் நோன்பின் ஏறக்குறைய பாதியும் 2019இல் பெரும்பகுதியும் மே மாத விடுமுறையில் போய்விட்டது, அதனால் யாருக்கும் உறைக்கவில்லை. அது ஊர்ந்து ஊர்ந்து தேர்வுக் காலத்துக்குள் வந்தபோதும் யாரும் கவனிக்கவில்லை.

மன்னியுங்கள், கோபத்தில் எழுதிவிட்டேன். கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான்: அச்சுக்கு அனுப்பும் முன் ஹிஜ்ரி நாட்காட்டியை ஒருமுறை பாருங்கள்.

பிறை பார்த்துத்தானே முடிவாகிறது என்பீர்கள். சரி. 29ஆம் நாள் மாலை பிறை தெரிந்தால் மறுநாள் புது மாதம், தெரியாவிட்டால் 30 நாளாக நிறைவு செய்வோம். ஆக, கணக்கிட்ட தேதி ஒரு நாள் முன்பின் ஆகலாம், அவ்வளவே. பெருநாள் விடுமுறைக்கு அந்த ஒரு நாள் முக்கியம். "பிறையைப் பொறுத்தது" என்று பக்கத்தில் அச்சிட்டுவிடலாம். ஓட்டப்பந்தயத்தை எந்த வாரத்தில் வைப்பது என்பதற்கு அந்த ஒரு நாளால் ஒன்றும் ஆகாது.

2027இல் முதல் நோன்பு பிப்ரவரி 8 அல்லது 9ஐ ஒட்டி வரும். என் மகள் அப்போது பத்தாம் வகுப்பு. திருப்புதல் தேர்வைக் காலையில் வையுங்கள், விளையாட்டு விழாவை ஜனவரியிலேயே முடித்துவிடுங்கள். 2030இல் ஜனவரித் தொடக்கத்தில் ஒரு ரமளானும் டிசம்பர் கடைசியில் இன்னொன்றும் தொடங்கும். அடுத்த இரண்டு வருடங்களில் அரையாண்டுத் தேர்வோடு மோதும். அதற்குள் என் மகள் பள்ளியை விட்டுப் போயிருப்பாள். அப்போது நோன்பு வைக்கும் பிள்ளைகளுக்காகவும் சேர்த்துத்தான் கேட்கிறேன்: அச்சுக்கு முன் ஒருமுறை பாருங்கள். தேதிகளைக் குறித்துத் தர நானே பள்ளிக்கு வருகிறேன். ஒரு மணி நேர வேலைகூட இல்லை.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்