வீட்டுக்கு ஆள் போட்டாச்சு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பச்சி எழுதுவது. இங்கே நானும் ஆத்தாளும் சௌக்கியம். நீ வேலையாக இருப்பாய், அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன்.

ஊர் வீட்டைப் பார்த்துக்கொள்ள நம் கணக்கப்பிள்ளையின் பேரனையே வைத்துவிட்டேன். மாதம் 6,000. அவனைக் காவலுக்கு வைத்ததற்கு ஒரு நியமனக் கடிதமும் எழுதியிருக்கிறேன், அதில் சித்தப்பா வீட்டாரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஐயா உயில்படி உனக்கும் பங்கு இருப்பதால் உன் கையெழுத்தும் வேண்டும்.

"தெரிந்த பையன்தானே, இதற்கெல்லாம் எதற்குக் கடிதம்" என்று ஆத்தா சொல்கிறாள். தெரிந்த பையன் என்பதால்தான் கடிதம். காவலாள் எத்தனை வருஷம் இருந்தாலும் வீட்டில் அவனுக்குப் பாத்தியதை வராது என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் அவன் காவலாள்தான் என்பதற்கு நம் கையில் ஏதாவது இருக்க வேண்டாமா? எழுத்தும் இல்லை, சம்பளமும் கையில் கொடுத்தோம் என்றால், 12 வருஷம் கழித்து அனுபவ பாத்தியதை என்று வழக்குப் போட இடம் கொடுத்ததாகிவிடும். அதனால் சம்பளம் பேங்கில் போகும். கரண்டு பில்லும் வீட்டு வரியும் நம் பேரிலேயே நாமே கட்டுவோம். அந்த விலாசத்தில் அவன் ரேஷன் கார்டோ ஆதாரோ எடுக்கக் கூடாது, யாரையும் தங்க வைக்கக் கூடாது, கேட்ட அன்றைக்குச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். இதெல்லாம் கடிதத்தில் இருக்கிறது. நீ ஒருமுறை படித்துப் பார். உனக்கு இந்த மாதிரி விஷயத்தில் நல்ல மூளை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே என் பத்திரங்களில் பிழை கண்டுபிடித்தவன் நீ.

அவன் வாரம் மூன்று நாள் வர வேண்டும். வந்தால் கதவு ஜன்னல் எல்லாம் திறந்து வைத்து, காற்று ஓடவிட்டுப் பிறகுதான் பெருக்க வேண்டும். ஆத்தங்குடித் தரையில் ஆசிட் ஊற்றவே கூடாது, சிமெண்டு கல் அரித்துப் போகும்.

பெரிய பயம் மழைதான். நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் வளவில் இறங்கி ஒரே தூம்பு வழியாகத்தான் வெளியே போகிறது. தூம்பு வாயில் வேப்பிலை அடைத்தால் ஒரு ராத்திரி மழைக்கே வளவில் தண்ணீர் கட்டி, தூண் அடிவரை ஏறிவிடும். ஐப்பசி பிறக்கும் முன்னேயே ஒரு குடம் தண்ணீர் ஊற்றி அது போகிற வேகத்தை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மழை பெய்த மறுநாள் காலை, வாரக்கணக்குப் பாராமல் வந்து பார்க்க வேண்டும்.

இரண்டாவது கரையான். ஈரம் இறங்கிய இடத்தில்தான் அது ஏறும். இரண்டாம் கட்டில் சுவரோரம் மண் கோடு ஒன்று கைமரம் வரை போயிருக்கிறது. அதை உடனே முழுக்கத் தட்டிவிட வேண்டாம் என்று சொன்னேன். நடுவில் ஒரு விரல் நீளம் சுரண்டி விட்டுப் போய், சில நாள் கழித்துப் பார்க்க வேண்டும். இடைவெளி மறுபடி மண்ணால் மூடியிருந்தால் உள்ளே கரையான் உயிரோடு இருக்கிறது, ஆளைக் கூப்பிட வேண்டும். அப்படியே திறந்து கிடந்தால் பழசாக இருக்கலாம், ஆனாலும் கைமரத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். அவன் சுரண்டினான். ஞாயிற்றுக்கிழமைக்குள் மூடிவிட்டது! ஆள் பேசியாகிவிட்டது.

கரண்டு மீட்டரையும் மாதாமாதம் போட்டோ எடுக்க வேண்டும். குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம் என்பதால் பில் தொகையில் ஒன்றும் தெரியாது. பூட்டிய வீட்டில் எண் ஓடினால் யாரோ இழுக்கிறார்கள், இல்லை வயரில் கசிவு.

எல்லாப் போட்டோவும் ஒரே இடத்தில் நின்று எடுக்க வேண்டும், அப்போதுதான் போன மாதத்து ஈரக்கறை இந்த மாதம் வளர்ந்திருக்கிறதா என்று தெரியும். ஒன்றும் நடக்கவில்லை என்றாலும் ஞாயிற்றுக்கிழமை "ஒன்றுமில்லை" என்றாவது எழுத வேண்டும். செய்தியே இல்லாமல் இருப்பதுதான் எனக்குத் தாங்காது. அவனுக்கும் அதைத்தான் சொன்னேன்.

அவன் அனுப்புவது உனக்கும் வரும்படி செய்திருக்கிறேன். போன வாரப் படங்களைப் பார்த்துவிட்டாய், நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. நீ அங்கே போய்த் தனியாக நிமிர்ந்து நின்றது எங்களுக்குப் பெருமை, அதில் சந்தேகமில்லை. அதற்காக இரண்டு வார்த்தைக்குக் கூடவா பஞ்சம்? வீட்டை விற்கலாம் என்று நினைத்தாலும் சொல், கோபப்பட மாட்டேன். வேறு ஏதாவது என்றாலும் சொல். தூம்பை மட்டும் மழைக்கு முன் பார்த்துவிட வேண்டும், நீயும் அவனுக்கு ஒரு தரம் ஞாபகப்படுத்து.

கடிதத்தில் கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்து அனுப்பு.

இப்படிக்கு,
அப்பச்சி

பி.கு.: மூன்று தடவை கூப்பிட்டும் மருமகள் லைனில் வரவில்லை என்று ஆத்தா சொல்கிறாள். அவளோடு பேச எந்த நேரம் சரிவரும் என்று எழுது.