திறந்த மூலம் என்றால் இலவசம் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

திறந்த மூல மென்பொருளை 'இலவச மென்பொருள்' என்று எழுதுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். நிரலாளர் எழுதிய மூலநிரல் நம் கைக்கு வர வேண்டும், அதைப் படிக்கவும் மாற்றவும் மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கவும் உரிமம் இடம் தர வேண்டும். இதுதான் அதன் பொருள். காசு வாங்கக் கூடாது என்று எங்கும் இல்லை.

லிங்க்சிஸ் நிறுவனத்தின் WRT54G ரூட்டரைப் பாருங்கள். அது விலைக்கு விற்கப்பட்ட பெட்டி. அதற்குள் லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளம் ஓடுகிறது என்பது 2003-இல் தெரியவந்தது. லினக்ஸின் ஜிபிஎல் உரிமப்படி அப்படிப்பட்ட பெட்டியைத் தாராளமாக விற்கலாம். ஆனால் அதிலுள்ள ஜிபிஎல் நிரலின் மூலத்தை, செய்த மாற்றங்களோடு, வாங்கியவருக்குத் தர வேண்டும். முதலில் அது தரப்படவில்லை. நிரலாளர்கள் விடாமல் கேட்ட பிறகு அதே ஆண்டில் லிங்க்சிஸ் அதை வெளியிட்டது. அந்த நிரலை அடித்தளமாகக் கொண்டு 2004-இல் OpenWrt என்ற ரூட்டர் இயங்குதளம் பிறந்தது. அப்புறம் அது எத்தனையோ நிறுவனங்களின் ரூட்டர்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

விலையில்லாமல் கிடைக்கும் ஒரு செயலியில் மூலநிரல் பூட்டியிருந்தால் இது நடக்காது. பிழை இருந்தால் அதை எழுதிய நிறுவனம்தான் திருத்த வேண்டும். அவர்கள் கைவிட்டால் அதோடு சரி.

ஆங்கிலத்தில் சுதந்திரத்துக்கும் இலவசத்துக்கும் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல். 1998-இல் 'ஓப்பன் சோர்ஸ்' என்ற பெயரைக் கொண்டுவந்ததற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம். நமக்கோ 'கட்டற்ற', 'இலவச' என்று இரண்டு சொற்கள் தனித்தனியே இருக்கின்றன. செய்திகளில் அவற்றைப் பிரித்தே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்