அந்தப் பந்தியைப் பார்த்ததும் கடன் கோப்பை மூடாதீர்கள்

வன்னி வங்கிக் கிளைகளின் கடன் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். வவுனியாவில் இருந்துகொண்டு கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துக் கம்பனிகளின் கணக்குகளை ஆய்வு செய்கிறவன் நான். "அந்தப் பந்தி இருந்தால் பாங்க் லோன் தராதாம், எடுத்துவிடுங்கோ சேர்" என்று பணிப்பாளர்கள் என்னிடம் கெஞ்சுவது வழக்கமாகிவிட்டது. அவர்கள் சொல்வது கணக்காய்வு அறிக்கையில் வரும், தொடர்ந்தியங்கல் பற்றிய நிச்சயமின்மைப் பந்தியை. உங்களில் சிலர் அதை 'குவாலிஃபைட்' அறிக்கை என்று குறித்துக் கோப்பை மூடிவிடுகிறீர்கள். அதனால்தான் இந்த மடல்.

ஓர் அரிசி ஆலைக் கம்பனியை எடுத்துக்கொள்வோம். அடையாளம் தெரியாதிருக்க எண்களை மாற்றியிருக்கிறேன். மார்ச் 31இல் ஓவர்டிராஃப்ட் 5 கோடி. அந்த எண் மட்டும் என்னைப் பயமுறுத்தவில்லை. காலபோக நெல்லை வாங்கிக் களஞ்சியத்தை நிரப்பியிருக்கும் காலம் அது. கடனும் அப்போது உச்சத்தில்தான் இருக்கும். பார்க்க வேண்டியது வேறு. கூற்று மூலதனம் 4 கோடி, தேறிய சொத்து 1.5 கோடி. அதாவது மூலதனத்தின் அரைவாசிக்கும் கீழே. இந்த நிலையில் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் 220ஆம் பிரிவின்படி, பணிப்பாளர் ஒருவருக்கு அது தெரியவந்து 20 வேலைநாட்களுக்குள் பணிப்பாளர் சபை பங்குதாரர்களின் விசேட பொதுக் கூட்டத்துக்கு அழைப்பு விட வேண்டும். இதற்கு மேல் இயந்திரக் கடனில் ஒரு தவணை பிந்தியிருந்தது. ஓவர்டிராஃப்ட் செப்டெம்பரில் காலாவதி.

அடுத்த 12 மாதங்களுக்கான காசுப்பாய்ச்சல் மதிப்பீட்டை முகாமை தந்தது. முடிவில் 1.2 கோடி மிச்சம். 3,000 தொன் நெல் குற்றினால் 65 வீதம் அரிசி என்று போட்டிருந்தார்கள். சரி, ஆலையின் பழைய பதிவுகளைப் புரட்டினேன். கிடைத்து வந்தது 62 வீதம். வித்தியாசம் மூன்றே வீதம்தான், ஆனால் அது 90 தொன் அரிசி. தொன் 2 இலட்சம் என்றால் 1.8 கோடி. தவிட்டில் வரும் சில்லறையை விட்டால், மிச்சம் 60 இலட்சம் பற்றாக்குறையாகிவிட்டது.

"பரந்தன் காணியை விற்றுப் போடுவேன்" என்றார் ஒரு பணிப்பாளர். வாங்குபவர் யார், ஒப்பந்தம் எங்கே? இல்லை. அதை நான் கணக்கில் எடுக்க முடியாது. கடைசியாக மிஞ்சியது ஓவர்டிராஃப்ட் புதுப்பிப்பு. கிளைக்குக் கடிதம் எழுதினோம். பதிலே இல்லை.

காலாவதிக்கு முன்பே புதுப்பிப்போம் என்று எந்த வங்கியும் உறுதி தராது, தெரியும். அதுவே வங்கியின் வழமை என்றால், உறுதி இல்லாததை மட்டும் வைத்துப் பந்தி எழுத மாட்டோம். ஆனால் நட்டமும் பிந்திய தவணையும் பற்றாக்குறையும் இருக்கையில், உங்கள் மௌனம் தராசை அந்தப் பக்கம் சாய்த்துவிடும். பிறகு, அந்தப் பந்தியைக் காட்டியே புதுப்பிப்பு மறுக்கப்படுகிறது!

அறிக்கையில் என்ன மாறியது என்று பாருங்கள். அபிப்பிராயம் மாறவில்லை, கணக்குகள் உண்மையும் நியாயமுமான தோற்றத்தைத் தருகின்றன என்றே இருந்தது. அதன் பின் தனித் தலைப்பில், நட்டத்தையும் கடன் புதுப்பிப்பையும் விவரிக்கும் குறிப்பைச் சுட்டி, இவை கம்பனி தொடர்ந்து இயங்குமா என்பதில் கணிசமான ஐயத்தை எழுப்பக்கூடிய பொருண்மையான நிச்சயமின்மையைக் காட்டுகின்றன என்று எழுதினேன். 'இதன் பொருட்டு எமது அபிப்பிராயம் மாற்றப்படவில்லை' என்ற வசனமும் கூடவே இருந்தது. இலங்கைக் கணக்காய்வு நியமம் 570 கேட்பது இதைத்தான்.

முகாமை அந்தக் குறிப்பைப் போட மறுத்திருந்தால்தான் அபிப்பிராயமே மாறியிருக்கும்: விடுபாட்டின் கனத்தைப் பொறுத்துத் தவிர்ப்புடன், அதாவது 'குவாலிஃபைட்' ஆக, அல்லது எதிர்மறையாக. ஆலையை மூடுவதென்று முடிவெடுத்த பின்னும், தொடர்ந்து இயங்கும் என்ற அடிப்படையிலேயே கணக்குத் தயாரித்திருந்தால் நேரே எதிர்மறை அபிப்பிராயம்தான். ஆகவே பந்தி தெரிந்தால் முதலில் அபிப்பிராயத்தின் தலைப்பைப் பாருங்கள், அப்புறம் சுட்டப்பட்ட குறிப்பை வாசியுங்கள். உண்மையைச் சொன்ன கம்பனியை மறைத்த கம்பனியோடு ஒரே பெட்டியில் போடுவது, அடுத்த வருடம் மறைக்கச் சொல்லிக் கொடுப்பது போலத்தான்.

எங்களுக்கு உறுதிமொழி வேண்டாம். வாடிக்கையாளரின் சம்மதக் கடிதத்தோடு கேட்கும்போது, நாங்கள் கையொப்பமிடுவதற்கு முன்பாக ஒரு பக்கப் பதில் போதும். நிபந்தனை எதுவும் மீறப்பட்டுள்ளதா, புதுப்பிப்பு விண்ணப்பம் கிடைத்ததா, மறுக்கும் நோக்கம் இன்றைய நிலையில் உண்டா? மூன்றாவதற்குப் பதில் சொல்ல முடியாதென்றால், அது எல்லா வாடிக்கையாளருக்கும் பொதுவான நடைமுறையா, இந்தக் கம்பனிக்கு மட்டுமா என்றாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
வவுனியாவிலிருந்து ஒரு கணக்காய்வாளர்