துணைப்பாட ஆசிரியர்களே, அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள்

அறிவியல் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகள் போன வாரம் துணைப்பாட வகுப்பிலிருந்து, விமானம் எப்படிப் பறக்கிறது என்று விளக்கும் ஒரு தாள் கொண்டுவந்தாள். இறக்கையின் மேல்பக்கம் வளைந்து நீளமாக இருக்கிறதாம், கீழே போகும் காற்றோடு பின்விளிம்பில் ஒரே நேரத்தில் போய்ச் சேர மேல்காற்று வேகமாக ஓடுகிறதாம், அதனால் மேலே அழுத்தம் குறைகிறதாம். வேகமும் அழுத்தக் குறைவும் உண்மைதான். ஆனால் சேர்ந்தே போக வேண்டும் என்று காற்றுக்கு யார் சொன்னது? காற்றுச் சுரங்கத்தில் புகையை விட்டுவிட்டு அனுப்பிப் பார்த்தால், மேலே போன புகை கீழே போனதை முந்திக்கொண்டு பின்விளிம்பைத் தாண்டிவிடுகிறது.

கணக்குப் போட்டாலும் ஒத்துவராது. செஸ்னா 172 என்ற சிறிய விமானம் முழுச் சுமையோடு 1,111 கிலோ, இறக்கைப் பரப்பு 16.2 சதுர மீட்டர். அதைத் தாங்க மேலுக்கும் கீழுக்கும் சராசரியாக 670 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் வேண்டும், அதாவது காற்றழுத்தத்தில் ஒரு விழுக்காடுகூட இல்லை. மேல்பாதை 2 விழுக்காடு நீளம் என்று வைத்துக்கொள்வோம். காற்று கீழே நொடிக்கு 60 மீட்டர் போனால் மேலே 61.2. வேகத்தையும் அழுத்தத்தையும் இணைக்கும் பெர்னூலி சமன்பாட்டில் போட்டால் கிடைப்பது 87 பாஸ்கல்தான். மிச்சத்தை யார் தூக்குவது?

இதைவிட எளிய சாட்சி ஈஸ்ட் கோஸ்ட் கடலில் பிள்ளைகள் ஓட்டும் பாய்ப்படகு. பாய் வெறும் துணி, இரண்டு பக்கமும் ஒரே நீளம். இருந்தும் இழுக்கிறதே! காரணம், துணியின் வளைவும் அது காற்றுக்குக் காட்டும் சாய்வும், அதாவது தாக்குகோணமும்தான். காற்று பாயின் புறவளைவை ஒட்டித் திரும்புகிறது. ஓடும் காற்றைத் திருப்ப வேண்டுமானால் வளைவின் உள்பக்கம், அதாவது துணியை ஒட்டி, அழுத்தம் குறைவாக இருந்தாக வேண்டும். அந்தக் குறைந்த அழுத்தத்தை நோக்கி முன்னாலிருந்து வரும் காற்று வேகம் பிடிக்கிறது. விமான இறக்கையிலும் இதுவேதான், காற்று கீழ்நோக்கித் திருப்பப்படுகிறது, இறக்கை மேலே தள்ளப்படுகிறது. தலைகீழாகப் பறக்கும் சாகச விமானம் விழாததும் மூக்கைத் தூக்கி இந்தக் கோணத்தை வைத்துக்கொள்வதால்தான்.

சரி, கோணத்தைக் கூட்டிக்கொண்டே போகலாமா? முடியாது. சாதாரண இறக்கையில் 15 பாகை வாக்கில் மேல்பக்கக் காற்று ஒட்டாமல் பிய்ந்துவிடும், தூக்குவிசை சட்டென்று விழும், விமானிகள் ஸ்டால் என்பார்கள். பாய்ப்படகில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பாயின் இரு பக்கமும் சின்னக் கம்பளி நூல் ஒட்டியிருப்பார்கள். இரண்டும் நேராகப் பின்னால் பறந்தால் கோணம் சரி. காற்று மறைவான பக்கத்து நூல் படபடத்தால் கோணம் அதிகம், கயிற்றைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். காற்று படும் பக்கத்து நூல் ஆடினால் கோணம் போதாது, இழுத்துப் பிடிக்க வேண்டும்.

அடுத்த முறை தாள் அச்சடிக்கும்போது அந்த 'ஒரே நேரத்தில்' வரியை எடுத்துவிட்டு, இந்த இரண்டு நூலையும் வரைந்து கொடுங்கள். என் மகள் இப்போது பரீட்சையில் எதை எழுதுவது என்று கேட்கிறாள்.