ஆப் ஸ்டோர் நடத்துவோருக்கு: பெட்டியின் விலையை ரூபாயில் போடுங்கள்

வணக்கம்.

போன வாரம் ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு கேம் கடையின் ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பினான். "அம்மா, 449 ரூபாய்தான். டிராகன் ஸ்கின் வர சான்ஸ் இருக்கு." ஸ்கின் என்பது கேமில் வரும் பாத்திரத்துக்குப் போடும் புதுத் தோற்றம். வாங்கித் தரலாமா என்று முடிவு செய்ய எனக்கு ஒரு காகிதமும் அரை மணி நேரமும் தேவைப்பட்டன. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

படத்தில், கேமுக்குள் காசாகச் செலவழிக்கும் ஜெம்மை விற்கும் மூன்று பேக் இருந்தன: 100 ஜெம் 89 ரூபாய், 520 ஜெம் 449 ரூபாய், 1,060 ஜெம் 899 ரூபாய். ஜெம் கொடுத்துத் திறப்பது ஒரு பெட்டியை; உள்ளே எந்தப் பொருள் வரும் என்பது குலுக்கல்தான். ஒரு பெட்டியைத் திறக்க 150 ஜெம் வேண்டும். அதாவது, 89 ரூபாய் பேக் ஒன்றை வாங்கினால் ஒரு பெட்டிகூடத் திறக்காது. 449 ரூபாய்க்கு மூன்று பெட்டி போக 70 ஜெம் மிஞ்சும். இன்னும் 80 இருந்தால் நாலாவது பெட்டி என்று பிள்ளை அடுத்த பேக் கேட்பது அந்த மிச்சத்தால்தான். இந்த 449 ரூபாய் பேக்கை வகுத்துப் பார்த்தால் ஒரு ஜெம் சுமார் 86 பைசா, ஒரு பெட்டி சுமார் 130 ரூபாய். இந்த 130 திரையில் எங்குமே இல்லை.

வாய்ப்பு விகிதம் வேறொரு பக்கத்தில் இருந்தது. மகனை அதையும் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். மிக அரிதான வகைக்கு "லெஜண்டரி 1%" என்று போட்டிருந்தது. நூறு பெட்டி திறந்தால் ஒன்று கட்டாயம் வரும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. ஒவ்வொரு பெட்டியும் தனிக் குலுக்கல், முன்னால் திறந்தவை கணக்கில் வராது. நூறு பேர் ஆளுக்கு நூறு பெட்டி திறந்தால் சுமார் 37 பேருக்கு ஒரு லெஜண்டரிகூட வராது. சில கேம்களில் இத்தனை பெட்டிக்குள் நிச்சயம் என்று உத்தரவாதம் தருவார்கள். இதில் அதுவும் இல்லை.

அதைவிட முக்கியமானது அதன் கீழே இருந்தது. லெஜண்டரி என்பது ஐந்து ஸ்கின். அந்த 1% ஐந்துக்கும் சேர்த்துத்தான். சமமாகப் பிரித்தால் டிராகனுக்கு 0.2%. ஆயிரம் பிள்ளைகள் ஆளுக்கு 449 ரூபாய் கட்டி மூன்று பெட்டி திறந்தால், சுமார் ஆறு பேருக்குத்தான் டிராகன் வரும். சராசரியாக ஒரு டிராகனுக்கு 500 பெட்டி, ஏறக்குறைய 65,000 ரூபாய்.

வாங்கும் முன்பே வாய்ப்பு விகிதத்தைக் காட்ட வேண்டும் என்று ஆப்பிள் 2017 டிசம்பரிலும், கூகுள் பிளே 2019இலும் விதி கொண்டுவந்தன. நல்ல விதி. ஆனால் சதவீதம் ஒரு பக்கம், ஜெம் ஒரு பக்கம், ரூபாய் ஒரு பக்கம் என்று கிடந்தால் பெற்றோருக்கு அது பயன்படாது.

நான் கேட்பது இரண்டுதான். பெட்டியைத் திறக்கும் பொத்தானிலேயே ஜெம்மோடு ரூபாய் விலையும் இருக்கட்டும். வாய்ப்பு விகிதத்தை வகைக்கு மட்டுமல்லாமல் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். விதியில் இந்த இரண்டையும் சேர்த்துவிட்டால், அடுத்த ஸ்க்ரீன்ஷாட் வரும்போது எனக்குக் காகிதம் தேவைப்படாது.

இப்படிக்கு,
ஒரு தாய்