புள்ளி மறைந்த மருந்துச் சீட்டு

மருந்துச் சீட்டைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி மருந்து வாங்குவது பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். மங்கலான படத்தில் மருந்தின் பெயரைக்கூட எப்படியோ ஊகித்துவிடுகிறோம். தசமப் புள்ளியையும் 'வாரம் ஒருமுறை' என்ற குறிப்பையும் ஊகிக்க முடியாது. முடக்குவாதத்துக்காக என் தாயாருக்கு எழுதப்பட்ட மெத்தோட்ரெக்சேட் 7.5 மி.கி., நான் அனுப்பிய படத்தில் 75 போலத் தெரிந்தது. வார மாத்திரை என்ற குறிப்போ சீட்டின் மடிப்பில் மறைந்திருந்தது. நல்லவேளையாக மருந்தாளுநர் அழைத்து, எந்த நோய்க்கு, எந்தக் கிழமையில் என்று கேட்டார். தினமும் விழுங்கியிருந்தால் எலும்பு மஜ்ஜையே பாதிக்கப்பட்டிருக்கக்கூடும்.

படம் அனுப்புவோர் மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த நோய்க்கு என்பதை மருந்தாளுநரிடம் வாய்விட்டுச் சொல்லி உறுதிசெய்ய வேண்டும். அவருக்கே ஐயம் எழுந்தால், எழுதிய மருத்துவரிடம் கேட்ட பிறகே மருந்து தருவதைக் கடைகள் வழக்கமாக்கலாம்.

— வாசகி, மதுரை