அந்த 1,850 ரூபாயை அனுப்பாதே

அன்பு மகளுக்கு,

நேற்று இரவு நீ அனுப்பிய வேலை உத்தரவை மூன்று முறை படித்தேன். விமான நிலையத்தில் வேலை, மாதம் 28,000 ரூபாய், நேர்முகத் தேர்வே கிடையாது; பதிவுக் கட்டணம் 1,850 ரூபாயை மட்டும் நாளை மாலைக்குள் கட்ட வேண்டுமாம். கட்டாதே, அம்மா.

உன் அத்தை மகனுக்கும் இரண்டு வருடத்துக்கு முன் இப்படி ஒன்று வந்தது. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவேண்டாம் என்றான். இப்போது அவனே உனக்கு எழுதச் சொன்னான். முதலில் கேட்டது 1,500. சின்னத் தொகைதானே என்று கட்டினான். மறுநாள் சீருடைக்கும் அடையாள அட்டைக்கும் 6,500. அடுத்து பயிற்சிக்கு 14,000, முதல் சம்பளத்தோடு திரும்பி வருமாம். இதைக் கட்டாவிட்டால் ஏற்கெனவே கட்டிய 8,000 போய்விடுமே என்ற பயத்தில் அதையும் அனுப்பினான். அந்த முதல் 1,500 இந்தப் பயத்தை விதைப்பதற்காகத்தான்.

இத்தனை வருடம் வங்கியில் இருந்தவன் என்பதால் அவன் போனில் நான் முதலில் தேடியது பணம் போன பெயர்களை. மூன்று முறையும் மூன்று தனி ஆட்கள். யு.பி.ஐ.யில் ரகசிய எண்ணைப் போடுவதற்கு முன்பே பெறுபவர் பெயர் திரையில் வரும். அவன் பார்த்தும் கடந்துவிட்டான். விமான நிறுவனம் எதற்காக யாரோ ஒருவரின் சேமிப்புக் கணக்கில் பணம் வாங்க வேண்டும்? கமிஷனுக்காகத் தங்கள் கணக்கைப் பிறருக்குக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பணம் அங்கே தங்காது, சில மணி நேரத்தில் வேறு கணக்குகளுக்குப் பறந்துவிடும்.

உன் கடிதத்தில் சின்னமும் வட்ட முத்திரையும் கச்சிதமாக இருக்கின்றன. அனுப்பிய மின்னஞ்சலோ @gmail.com என்று முடிகிறது. இன்னொன்று: விமான நிலையத்துக்குள் வேலை செய்யும் நுழைவு அட்டையைக் காவல்துறை விசாரணைக்குப் பிறகே சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் தருகிறது, விண்ணப்பிப்பது வேலை கொடுக்கும் நிறுவனம். உன்னை நேரில் பார்க்காமலே அட்டைக்குப் பணம் கேட்கிறவர்களால் அதை வாங்கித் தர முடியாது.

அரசுத் தேர்வுகளுக்கு நீ கட்டிய கட்டணம் வேறு. அது தேர்வாணையத்தின் சொந்த இணையதளத்தில் விண்ணப்பத்தோடு கட்டியது. வேலை தருவதாகச் சொல்லி வாங்கியது அல்ல.

சந்தேகம் தீரவில்லையென்றால் அந்த நிறுவனத்தின் இணைய முகவரியை நீயே தட்டச்சு செய்து, அங்கே இருக்கும் எண்ணில் கேள். கடிதத்தில் உள்ள எண்ணில் கேட்டால் அவர்கள்தான் பேசுவார்கள்.

ஒருவேளை இதற்குள் அனுப்பிவிட்டிருந்தாலும் திட்டமாட்டேன். உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்து 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைச் சொல். பணம் இன்னும் கணக்கில் இருந்தால் முடக்கி வைப்பார்கள். பிறகு cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதிவு செய். உன் அத்தை மகன் பதினொரு நாள் கழித்துச் சொன்னான். அதற்குள் அந்தக் கணக்குகளில் எதுவும் மிச்சமில்லை. ஆதார் நகல் அனுப்பினாயா என்பதையும் சொல். கடிதத்தைப் படித்ததும் கூப்பிடு, எந்த நேரமானாலும்.

அப்பா